தாய் வேலையும் பிள்ளை வேலைகளும்



இந்த மாதப் பாடம் ஒரு பெரிய வேலையைச் சிறு சிறு வேலைகளாகப் பிரிப்பது பற்றியது. பிரிப்பது எல்லாருக்கும் தெரியும். பிரித்த பிறகு, அந்தப் பெரிய வேலை முடிந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம், யார் சொல்லலாம் என்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். நானே கோட்டை விட்ட கதையிலிருந்து தொடங்குகிறேன்.

சுங்காயைச் சுற்றி இருந்த ரப்பர் தோட்டங்களைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. ஒரே வரிசை வீட்டில் முப்பது வருஷம் அக்கம்பக்கமாக இருந்தவர்கள் பீடோர், தாப்பா, சிலிம் ரிவர், ஈப்போ என்று சிதறிப் போனார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கிளை இளைஞர்கள் சேர்ந்து, ஒரு பழைய தோட்டத்து மக்களை ஒருநாள் சுங்காயில் ஒன்றுகூட்டலாம் என்று முடிவு செய்தோம். காலையில் பசியாறல், மதியம் சாப்பாடு, நடுவில் பழைய படங்கள், பாட்டு, பேச்சு. வாகன வசதி இல்லாத 26 பெரியவர்களை இரண்டு வேன்களில் கொண்டு வருவதாகத் திட்டம்.

நான் செயலாளர். நோட்டுப் புத்தகத்தில் ஐந்து வரி எழுதினேன்: மண்டபம், சாப்பாடு, அழைப்பு, நிகழ்ச்சி, போக்குவரத்து. வேன்காரரோடு போனில் பேசினேன். "சரி அண்ணே, ரெண்டு வண்டி, காலையில எட்டு மணி" என்றார். போனை வைத்த கையோடு "போக்குவரத்து" என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டேன். அந்த வாரக் கூட்டத்தில், "போக்குவரத்து முடிஞ்சிருச்சு" என்று அறிவித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அன்றைக்கு எல்லாம் நன்றாகவே நடந்தது. மாலை நாலரைக்கு நிகழ்ச்சி முடிந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஐந்து மணி ஆகியும் வேன் வரவில்லை. போன் போட்டேன். "அண்ணே, கொண்டு வரச் சொன்னீங்க, கொண்டாந்து விட்டேன். திரும்பப் போறதப் பத்தி யாரும் சொல்லலியே. நான் இப்ப பீடோர்ல வேற ஆளுங்கள ஏத்திட்டு இருக்கேன்" என்றார். அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. நான் கேட்டதற்குத்தான் அவர் சரி சொன்னார்.

26 பேரையும் எங்கள் சொந்தக் காடிகளில் நாலு நாலு பேராக ஏற்றிக்கொண்டு போய் விட்டோம். மழையில், இருட்டில், வழி தெரியாமல் கம்பத்துச் சந்துகளில் சுற்றினோம். கடைசியாக இறங்கியவர் 81 வயதுப் பாட்டி ஒருவர். நீரிழிவு நோய்க்காரர். ராத்திரிப் போட வேண்டிய ஊசி மருந்து வீட்டில் இருந்தது. அவர் வீட்டு வாசலில் காடி நின்றபோது மணி ஒன்பது தாண்டிவிட்டது. மகள் பயந்துபோய் வாசலிலேயே நின்றிருந்தார். பாட்டி என்னைத் திட்டவில்லை. இறங்கும்போது ஒன்று மட்டும் சொன்னார்: "கூட்டிட்டு வரத் தெரிஞ்ச பிள்ளைங்களுக்குக் கொண்டு போயி விடத் தெரியலியேப்பா."

நான் போட்ட டிக் எங்கே தப்பானது என்பதற்கு அந்த ஒரு வரி போதும். இனி அதைத் துண்டு துண்டாகப் பார்ப்போம்.

1. தாய் வேலையை யாராலும் செய்ய முடியாது

பெரிய வேலையைத் தாய் வேலை என்றும், அதைப் பிரித்தால் கிடைப்பவற்றைப் பிள்ளை வேலைகள் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளையையும் மேலும் பிரிக்க வேண்டி வரலாம். அப்போது அது தன் பிள்ளைகளுக்குத் தாயாகிவிடும். இப்படிக் கிளை பிரிந்து போய், இனிப் பிரிக்கத் தேவையில்லை என்று நிற்கும் இடத்தை நுனி வேலை என்போம்.

இப்போது ஒரு கேள்வி. எங்கள் பட்டியலில் இருந்த "போக்குவரத்து" என்பதை யார் செய்வது? ஒருவராலும் செய்ய முடியாது. போன் பேசலாம், முன்பணம் கொடுக்கலாம், பெயர் எழுதலாம், வண்டியில் ஏற்றலாம். இவையெல்லாம் நுனி வேலைகள். கையும் காலும் வேலை செய்வது நுனிகளில்தான். "போக்குவரத்து" என்பது அந்த நுனிகளை ஒரு குடைக்குள் வைக்கும் பெயர், அவ்வளவே.

கையால் செய்ய முடியாத ஒன்றைக் கையால் டிக் போடவும் கூடாது. இதுதான் இந்தப் பாடத்தின் முதல் விதி. தாய் வேலையின் நிலையை நாம் தீர்மானிப்பதில்லை, பிள்ளைகளைப் பார்த்துப் படித்துக்கொள்கிறோம். எல்லாப் பிள்ளைகளும் முடிந்தால் தாய் தானாக முடிந்தது. ஒரு பிள்ளை பாக்கி என்றால் தாயும் பாக்கி. நடுவில் வேறு நிலை கிடையாது.

நான் செய்தது இதற்கு நேர் எதிர். முதல் பிள்ளை முடிந்த சந்தோஷத்தில் தாய்க்கு டிக் போட்டேன். டிக் விழுந்த வரியை அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேலை எங்கே முடங்கிக் கிடக்கிறது என்பதையே அந்த டிக் மறைத்துவிட்டது. டிக் போடாமல் விட்டிருந்தால் அடுத்த கூட்டத்தில் யாராவது, "போக்குவரத்துல என்ன பாக்கி?" என்று கேட்டிருப்பார்கள்.

2. பாட்டியின் கூடவே நடந்து பாருங்கள்

"எல்லாப் பிள்ளைகளும் முடிந்தால் தாய் முடிந்தது" என்ற விதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. பட்டியலில் எழுதாத பிள்ளையை விதி அறியாது. திரும்பக் கொண்டு போய் விடுவதை நான் எழுதவே இல்லை. எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் எல்லாம் முடிந்ததாகத்தான் தெரியும்.

திட்ட மேலாண்மை படித்தவர்கள் இதற்கு நூறு விழுக்காடு விதி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாவற்றையும் கூட்டினால் தாய் வேலை முழுசாக வர வேண்டும். குறையவும் கூடாது, தாய்க்குச் சம்பந்தமில்லாதது உள்ளே வரவும் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விட்டுப்போன பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது?

உட்கார்ந்து யோசித்தால் வராது. எனக்கு உதவிய வழி இது. அந்த வேலை யாருக்காக நடக்கிறதோ, அவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, தொடக்கம் முதல் கடைசி வரை மனதில் அவர் கூடவே நடந்து பார்ப்பது. மறு வருஷம் ஒன்றுகூடலுக்கு முன்பு நாங்கள் அந்தப் பாட்டியின் கூடவே நடந்தோம்.

பாட்டிக்கு இந்த நாள் விஷயம் எப்படித் தெரியும்? யாராவது சொல்ல வேண்டும். எத்தனை மணிக்கு, எங்கே நிற்க வேண்டும்? அதையும் சொல்ல வேண்டும். வேன் அந்தச் சந்துக்குள் நுழையுமா, இல்லை முச்சந்தி வரை நடக்க வேண்டுமா? யாராவது முன்கூட்டியே போய்ப் பார்க்க வேண்டும். வேனில் ஏறும்போது படி உயரம், கை கொடுக்க ஆள் வேண்டும். மண்டபத்தில் இறங்குகிறார். மருந்து எடுத்து வந்தாரா? சாயங்காலம் எந்த வேனில் ஏற வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா? வேன் கிளம்புகிறது, வீடு வருகிறது, கதவு திறக்கிறது. இங்கேதான் பாட்டியின் நாள் முடிகிறது. நம்முடைய நாளும் இங்கே முடிந்தால்தான் சரி.

பத்து நிமிஷ நடையில் ஏழெட்டுப் பிள்ளைகள் தாமாக வந்து விழுந்தன. முதல் வருஷம் நான் என் கண்ணால் பார்த்தேன். என் கண்ணுக்கு வேலை மண்டபத்து வாசலில் முடிந்துவிட்டது. நாற்காலி இரவல் வாங்கினாலும் இதே கதைதான். நாற்காலியின் கூடவே நடந்தால் அது கடைக்குத் திரும்பிப் போய், எண்ணிச் சரிபார்த்து, வைப்புப் பணம் கைக்கு வரும் வரை வேலை முடியாது. பெரும்பாலும் விட்டுப்போகிற பிள்ளைகள் இப்படிப்பட்ட திரும்பு வேலைகள்தான்: திரும்பக் கொடுப்பது, கூட்டிப் பெருக்குவது, கணக்கு முடிப்பது.

3. நுனி வேலைக்குப் பெயர் வைப்பது

"வேன்" என்று ஒரு சொல் எழுதினால் அது முடிந்ததா இல்லையா என்று எப்படிச் சொல்வது? பேசியாச்சு என்றால் முடிந்ததா? பணம் கொடுத்தாச்சு என்றால்? வண்டி வந்து நின்றால்? ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு கோடு இருக்கும்.

ஆகவே நுனி வேலையை, முடிந்த பிறகு உண்மையாக இருக்க வேண்டிய ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். மறு வருஷம் எங்கள் போக்குவரத்துப் பட்டியல் இப்படி இருந்தது:

1. போக, வர இரண்டு பயணத்துக்கும் வேன்காரர் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார்.
2. முன்பணம் கொடுத்து ரசீது வாங்கியாயிற்று.
3. பெரியவர்கள் பெயர், முகவரி, வீட்டார் போன் எண் ஒரே தாளில் இருக்கிறது.
4. ஒவ்வொரு ஏறும் இடத்தையும் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டார்.
5. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரமும் இடமும் சொல்லி, மருந்தைக் கையில் எடுத்து வரச் சொல்லியாயிற்று.
6. காலையில் பட்டியலில் உள்ள எல்லாரும் மண்டபம் சேர்ந்தார்கள்.
7. மாலையில் பட்டியலில் உள்ள எல்லாரும் வேன் ஏறினார்கள்.
8. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, வந்து சேர்ந்தார்கள் என்று கேட்டாயிற்று.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரே ஒரு பெயர். "இளைஞர் பகுதி" என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள். இரண்டு பேர் பெயர் எழுதினால் இவர் செய்வார் என்று அவரும், அவர் செய்வார் என்று இவரும் இருந்துவிடுவார்கள்.

எதுவரை பிரிக்கலாம் என்று சிலர் கேட்கிறார்கள். ஒருவர் பொறுப்பேற்கக் கூடியதாகவும், முடிந்ததா என்று வேறொருவர் கேட்டால் ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வரக் கூடியதாகவும் இருந்தால் போதும், அங்கே நிறுத்திவிடலாம். ஐந்தாவது வரியை 26 வீட்டுக்கு 26 வரியாகப் பிரிக்கலாமா? நாங்கள் பிரிக்கவில்லை. பெயர்ப் பட்டியல் தாளிலேயே ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம் போட்டுக்கொண்டோம். ரொம்பப் பொடிப்பொடியாகப் பிரித்தால், பட்டியலைப் பார்த்துக்கொள்வதே ஒரு வேலையாகிப்போகும். நாலு நாளில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் வேன்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும். இது அண்ணன் தம்பிகளுக்குள் யார் முதலில், யார் பிறகு என்ற வரிசை. தாய் பிள்ளை உறவு வேறு, இந்த வரிசை வேறு. மூன்றாவது வரிக்கும் இரண்டாவது வரிக்கும் வரிசை இல்லை, ஒரே நேரத்தில் இரண்டு பேர் செய்யலாம். ஏழும் எட்டும் நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் தொடங்கவே முடியும். அப்படியென்றால் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது "போக்குவரத்து" பாக்கியாகவே இருக்க வேண்டும். அது பாக்கியாக இருப்பதைப் பார்த்து யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

4. முக்கால்வாசி முடிந்தது என்ற பேச்சு

கூட்டத்தில் அடிக்கடி கேட்கும் சொல் இது: "தொண்ணூறு பர்சன்ட் முடிஞ்சிருச்சு." எட்டில் ஏழு வரி முடிந்தால் கணக்குப்படி 87.5 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் வருஷம் பாக்கியிருந்தது 26 பேரை வீட்டில் கொண்டு போய் விடுவது. பாட்டியின் கணக்கில் அது எத்தனை விழுக்காடு?

எண்ணிக்கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று காட்டும். பாக்கியின் கனத்தைக் காட்டாது. அதனால் "எத்தனை முடிந்தது?" என்று கேட்பதை விட்டுவிட்டு "எது பாக்கி?" என்று கேளுங்கள். பதில் ஒரு வாக்கியமாக வர வேண்டும், பக்கத்தில் ஒரு பெயர் இருக்க வேண்டும்.

ஒரு பிள்ளை பாக்கி என்று தெரிந்தும், பரவாயில்லை என்று தாயைக் கிளப்பிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நாம் எல்லாரும் மதிக்கும் ஒருவர் தம் வாழ்க்கையிலிருந்தே சாட்சி சொல்லியிருக்கிறார். டாக்டர் அப்துல் கலாம், இந்தியாவின் எஸ்.எல்.வி-3 ஏவுகலத் திட்டத்தின் இயக்குநராக இருந்தார். நான்கு அடுக்கு ராக்கெட். ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனி அமைப்புகள், அவற்றுக்குள் எத்தனையோ உறுப்புகள். நம் மரத்தைப் போலவேதான், ஆனால் பெரிய மரம்.

1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. ஏவுவதற்குச் சில நிமிஷம் இருக்கும்போது, ஒவ்வோர் அமைப்பையும் சோதித்துக்கொண்டிருந்த கணினி, நிறுத்து என்றது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. அதாவது ஒரு பிள்ளை பாக்கி, ஆகவே தாயைக் கிளப்பாதே என்று விதிப்படி சொன்னது. கூட இருந்த வல்லுநர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, கசிந்தது போக இருப்பே போதும் என்றார்கள். கலாம் கணினியின் தடையை மீறி ஏவச் சொன்னார். முதல் அடுக்கு நன்றாக வேலை செய்தது. இரண்டாம் அடுக்கில் கட்டுப்பாடு போனது. ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. மறு வருஷம், 1980 ஜூலை 18ஆம் தேதி, அதே எஸ்.எல்.வி-3 ரகம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அன்றைக்குப் பட்டியலில் எதுவும் விட்டுப்போகவில்லை என்பது. பிள்ளையும் தெரியும், அது பாக்கி என்பதும் தெரியும். தப்பு நடந்தது கடைசிப் படியில். மற்றதெல்லாம் சரியாக இருக்கும்போது இந்த ஒன்று என்ன செய்துவிடும் என்ற நினைப்பு தாய்க்கு டிக் போட்டது. யாரும் சோம்பேறித்தனமாக முடிவெடுக்கவில்லை, காரணத்தோடுதான் எடுத்தார்கள். ஆனாலும் கசிவு கசிவாகவே இருந்தது.

5. நோட்டிலும் கணினியிலும்

நோட்டுப் புத்தகமே போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு தாய். மேலே தாயின் பெயர், அதற்குப் பக்கத்தில் காலிக் கட்டம். கீழே பிள்ளைகள். மேல் கட்டத்தைப் பேனாவால் தொடக் கூடாது. கீழே கடைசி வரி முடிந்த பிறகு, அதை முடித்தவரைத் தவிர வேறொருவர் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு டிக் போட வேண்டும்.

கூகள் ஷீட்ஸ் போன்ற விரிதாளில் செய்தால், தாயின் கட்டத்தில் கையால் எதுவும் எழுதாமல் சூத்திரத்தை வைத்துவிடலாம். A3 முதல் A10 வரை எட்டு பிள்ளைகள், B பத்தியில் அவற்றின் நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயின் நிலைக்கான கட்டத்தில் இது:

```
=IF(COUNTA(A3:A10)=0,"பாக்கி",
 IF(COUNTIF(B3:B10,"முடிந்தது")
  +COUNTIF(B3:B10,"கைவிட்டது")
  =COUNTA(A3:A10),"முடிந்தது","பாக்கி"))
```

முதல் வரி எதற்கு என்று கேட்பீர்கள். அது இல்லாவிட்டால், பிள்ளைகளே எழுதாத வெறும் தாய் "முடிந்தது" என்று காட்டும். பிள்ளை பூஜ்யம், முடிந்தது பூஜ்யம், இரண்டும் சமம்தானே! இன்னும் யாரும் உட்கார்ந்து யோசிக்காத வேலை முடிந்த வேலையாகத் தெரிவது ரொம்ப ஆபத்து. நிலையை ஒவ்வொருவரும் தட்டச்சு செய்தால் எழுத்துப்பிழை வரும், பிழையாக எழுதியதைச் சூத்திரம் எண்ணாது. அதனால் B பத்தியில் தேர்வுப்பட்டியல் வைத்துவிடுங்கள்.

கைப்பேசிச் செயலிகளைப் பயன்படுத்துவோர் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சில செயலிகளில் தாயை டிக் செய்தால், பாக்கியிருக்கும் பிள்ளைகளும் சேர்ந்து மறைந்துவிடும். நம் விதிக்கு இது தலைகீழ். ஒரு பொய் வேலையை உருவாக்கி, இரண்டு பிள்ளைகளைக் கீழே போட்டு, தாயை டிக் செய்து பாருங்கள். பிள்ளைகள் காணாமல் போனால், தாயை யாரும் தொடக் கூடாது என்று குழுவில் சொல்லி வையுங்கள்.

6. திட்டம் மாறும்போது

இரண்டு சிக்கல் வரும். ஒன்று, ஒரு பிள்ளை தேவையில்லாமல் போவது. எங்கள் பட்டியலில் ஒலிபெருக்கி வாடகைக்கு எடுப்பதும் இருந்தது. மண்டபத்திலேயே இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அதற்கு "முடிந்தது" என்று போடக் கூடாது, அழிக்கவும் கூடாது. "கைவிட்டது" என்று போட்டு, காரணத்தையும் பக்கத்தில் எழுத வேண்டும். அழித்துவிட்டால் இரண்டு வாரம் கழித்து யாராவது, "ஒலிபெருக்கிய யாரும் யோசிக்கலியா?" என்று மறுபடி தொடங்குவார்கள். அது மட்டுமில்லை, செய்ய முடியாத பிள்ளையைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுத் தாயை முடிப்பது டிக் போட்டு ஏமாற்றுவதைவிட மோசம். கைவிடும் முன்பு ஒரு கேள்வி கேளுங்கள்: இது இல்லாமல் தாய் வேலை உண்மையிலேயே முடிந்ததாக ஆகுமா? ஆகாது என்றால் கைவிட முடியாது.

இன்னொன்று, முடிந்துவிட்டது என்று நினைத்த தாய்க்குப் புதிதாக ஒரு பிள்ளை பிறப்பது. மறு வருஷம் சாப்பாடு விஷயத்தில் இது நடந்தது. சமையல்காரர், அரிசி, காய்கறி, கேஸ் தோம்பு என்று எல்லா வரியும் முடிந்து, சாப்பாடு முடிந்தது என்று வந்துவிட்டது. முந்தின நாள் ஒரு தங்கைதான் கேட்டாள்: "அண்ணே, பல்லு இல்லாத பெரியவங்க இருப்பாங்களே, கொஞ்சம் குழைவா சோறு வேணாமா?" உடனே ஒரு வரி கூடியது. சாப்பாடு மறுபடி பாக்கி ஆனது. அதற்கு மேலிருக்கும் ஒன்றுகூடலும் அப்படியே. சிலருக்கு இது முகம் சுளிக்கும் விஷயம். முடிச்சதைத் திறக்கிறியே என்பார்கள். திறக்கத்தான் வேண்டும். முடிந்ததாக அறிவித்த மரியாதைக்காகப் புதுப் பிள்ளையைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தினால், அது யார் தலையிலாவது சொல்லாமல் வந்து விழும்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. பிள்ளைகளை முன்கூட்டியே சொல்ல முடிகிற வேலைக்குத்தான் இது பொருந்தும். தோட்டத்து மக்களின் பழைய கதைகளைச் சேகரிப்பது போன்ற வேலைக்கு முடிவு எங்கே என்றே தெரியாது. அதை ஒரே தாயாக எழுதினால் என்றைக்கும் பாக்கியாகத்தான் நிற்கும். "இந்த வருஷம் பத்துப் பேரிடம் பேசிப் பதிவு செய்தாயிற்று" என்று வெட்டி எடுத்தால்தான் அது முடியக் கூடிய தாயாகும்.

மறு வருஷ ஒன்றுகூடல் மாலை ஐந்துக்குள் முடிந்தது. கூட்டிப் பெருக்கி, மண்டபத்துச் சாவியையும் ஒப்படைத்தோம். எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பட்டியலில் எட்டாவது வரி மட்டும் பாக்கி. அந்த வரிக்குப் பொறுப்பான தங்கை பெயர்த்தாளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். 25 பெயர் முடிந்தது. ஒரு வீட்டில் யாரும் எடுக்கவில்லை. "வேன்காரர்தான் எறக்கிவிட்டேன்னு சொல்லிட்டாரே, போட்ருவோமா?" என்றார் பக்கத்தில் இருந்த ஒருவர். அவள் போடவில்லை. கால் மணி நேரம் கழித்து மறுபடி அழைத்தாள். மகள் எடுத்தார். அம்மா குளித்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் போனைக் கவனிக்கவில்லை என்றார். அப்போது மணி ஏழு ஐந்து. அவள் எட்டாவது வரிக்கு டிக் போட்டாள். நான் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு மேல் கட்டத்துக்கு டிக் போட்டேன்.

செய்து பார்க்க

உங்கள் கிளையில் அடுத்து வரும் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு தாய் வேலையை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். யாருக்காக அந்த வேலை நடக்கிறதோ, அவர் கூடவே மனதில் தொடக்கம் முதல் கடைசி வரை நடந்து, பிள்ளைகளை முழு வாக்கியமாக எழுதுங்கள். பக்கத்தில் ஒவ்வொரு பெயர். பிறகு அந்தத் தாளைக் குழுவில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, இவையெல்லாம் நடந்துவிட்டால் வேலை முடிந்ததாக ஆகுமா என்று கேளுங்கள். முடிந்தால் உங்கள் வீட்டுப் பாட்டியிடமே கேளுங்கள். நாம் விட்டது அவர்கள் கண்ணில் சட்டென்று படும்.